ஆனித் தேரும் பார்வைக் கணக்கும்

மே 25, 2025

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தைப் பற்றி 2019இல் எங்கள் சேனலில் போட்ட வீடியோவின் கணக்கை இன்று எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பின்சக்கரத்துக்குத் தடி போடுகிறவர்களின் வேலை, ரதவீதி முனையில் கட்டை கொடுத்துத் தேரைத் திருப்புகிற விதம் எல்லாம் அதில் நிதானமாக இருக்கும். எடிட்டிங் பார்க்கிற தம்பிக்கு அதை எடுத்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும் என்று ஆசை.

“போன வருஷம் ஜூலைல ஒருத்தரும் பாக்கலண்ணே. முந்தின ஜூலைல எவ்வளவு ஓடிச்சு! பழசாயிட்டு, அவ்வளவுதான்.”

அவன் மாதத்தை மாதத்தோடு ஒப்பிட்டிருக்கிறான். தேரோட்டம் பௌர்ணமியை ஒட்டி வருவது. ஆங்கிலத் தேதிக்குக் கட்டுப்படாது. 2022இல் ஜூலை 11, 2023இல் ஜூலை 2, 2024இல் ஜூன் 21. போன ஜூலையில் ஊரில் தேரே இல்லை, அது நிலைக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது.

மே 28

`Advanced mode`-இல் நாள்வாரிக் கணக்கை இறக்கி, தேதிக்குப் பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்தேன். தேர் நாள் பூஜ்யம். அதற்கு முந்தையது கழித்தல், பிந்தையது கூட்டல்.

```
=A2-DATE(2024,6,21)
```

மற்ற வருஷங்களுக்கும் அந்தந்தத் தேர் நாளைப் போட்டு அடுக்கியதும் மூன்று வருஷத்துக் கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. ஆனால் உச்சம் தேர் நாளில் இல்லை, ஒரு நாள் முன்னால் தெரிந்தது. காரணம் எளிது. யூடியூப் நாளைக் கணக்கிடுவது அமெரிக்கப் பசிபிக் நேரத்தில். கோடைக்காலத்தில் அவர்களுக்குப் புது நாள் பிறக்கும்போது நமக்குப் பகல் பன்னிரண்டரை. காலையில் வடம் பிடிக்கும் நேரத்தில் பார்த்தவர்கள் எல்லாம் முந்தின நாள் கணக்கில் போய்விடுகிறார்கள். அதனால் ஒற்றை நாளை நம்பாமல், முன் மூன்று, பின் மூன்று சேர்த்து ஏழு நாளாக எடுத்துக்கொண்டேன். அந்த ஏழு நாளின் சராசரியை விழா இல்லாத மாதங்களின் தினசரி நடுமதிப்பால் வகுத்தால் அந்த வருஷத்துப் பருவ மடங்கு வரும். உதாரணமாக, சாதாரண நாளில் 20 பேர், தேர் வாரத்தில் நாளுக்கு 200 பேர் என்றால் பத்து மடங்கு.

ஜூன் 2

எந்த வருஷத்தைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்பதில்தான் நிதானம் வேண்டும். கொரோனாவால் 2020, 2021 இரண்டு ஆண்டும் தேர் ஓடவில்லை. அந்த இரண்டையும் சராசரியில் கலந்தால் எண்ணுக்கு அர்த்தமே இருக்காது.

2024 வேறு மாதிரி. அன்று வடம் அடுத்தடுத்து அறுந்தது. மாநிலம் முழுக்கச் செய்தியானது. எங்கள் பழைய வீடியோவும் எகிறியது. வந்த வழியைப் பிரித்துப் பார்த்தால், அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி யூடியூப் தானாகப் பரிந்துரைத்து வந்தவர்கள். செய்தியைப் பார்த்தவர்களுக்குப் பக்கத்தில் எங்கள் வீடியோவும் காட்டப்பட்டிருக்கிறது. அது பருவம் அல்ல, சம்பவம். `YouTube search` வழியாக வந்தவர்களை மட்டும் எடுத்ததும் 2024இன் மடங்கு 2022, 2023க்குப் பக்கத்தில் வந்து நின்றது. கூகுள் டிரெண்ட்ஸிலும் யூடியூப் தேடல் என்று மாற்றிப் பார்த்தேன். அங்கே காட்டுவது ஆள் எண்ணிக்கை இல்லை, உச்சத்தை 100 ஆக வைத்த ஒப்பீடு. ஆனித் திமில் அங்கேயும் ஒவ்வொரு வருஷமும் எழுகிறது.

அக்டோபர் 2018 தாமிரபரணி மகாபுஷ்கர வீடியோவையும் இதே சல்லடையில் போட்டேன். அந்த மாதத்தோடு சரி, பிறகு எந்த அக்டோபரிலும் அசைவில்லை. குரு விருச்சிகத்துக்கு வரும்போது, ஏறக்குறைய 12 ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் விழா அது. வருஷா வருஷம் அதை ஏற்றுவதில் பலனில்லை.

ஜூன் 5

தேர் வீடியோவை மறுபடி ஏற்றப்போவதில்லை. நாங்கள் தொடாமலேயே ஒவ்வொரு ஆனியிலும் தேடி வருகிறவர்கள் அதைக் கண்டுபிடிக்கிறார்கள். புதிதாக ஏற்றினால் முகவரி மாறும், பார்வை பூஜ்யத்தில் தொடங்கும், வெளியூர்க்காரர்கள் எழுதிய பின்னூட்டங்கள் பழையதோடு போகும். ஒரே சரக்கைத் திரும்பத் திரும்பப் போடுகிற சேனலுக்கு வருமானத்திலும் சிக்கல் வரலாம்.

பார்ப்பவர்கள் எங்கே விலகுகிறார்கள் என்ற கோட்டில் மட்டும் ஒரு சரிவு உண்டு. தொடக்கத்தில் 2019இன் நேர அட்டவணையைச் சொல்லும் இடம் அது. ஸ்டூடியோ எடிட்டரிலேயே அந்தத் துண்டை வெட்டிவிடலாம். முகவரியும் பார்வையும் அப்படியே இருக்கும். தம்பி இன்று ராத்திரி வெட்டுகிறான். இந்த வருஷத்துக் கொடியேற்றம், ஜூலை 8 தேர், போக்குவரத்து மாற்றம் ஆகியவற்றைத் தனியாக ஒரு சின்ன வீடியோவாகப் போட்டு, அதன் முடிவில் பழையதைக் கோத்துவிடுகிறோம். சின்னது ஒரு வாரத்தில் காலாவதியாகும், ஆகட்டும்.

ஜூலை 13

இந்த வருஷத் தேர் வாரத்தின் கடைசி நாட்களின் எண்கள் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் ஏழு நாள் கணக்கை முடிக்க வேண்டும். தம்பியும் நானும் ஒரு விதி எழுதி ஒட்டியிருக்கிறோம். தேடல் வழி மடங்கு பாதியாகக் குறைந்து, டிரெண்ட்ஸ் கோடு மட்டும் குறையாமல் இருந்தால், ஆட்கள் வேறு வீடியோவுக்குப் போகிறார்கள் என்று பொருள். அப்போது புதுக் கேமராவோடு தேரைப் புதிதாகவே எடுப்போம். இரண்டும் சேர்ந்து குறைந்தால் வீடியோவில் கை வைக்க மாட்டோம்.