ஒரு சுழியம்

பதினோராம் வகுப்பில் நான் ஒரு பொய் எழுதினேன். பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. சென்ற மாதம் விடுதியறையில் அதே சோதனையைத் திரும்பச் செய்ய நேர்ந்தபோதுதான், அந்தப் பொய் எதை மறைத்தது என்று புரிந்தது.

சோதனை பலருக்கும் நினைவிருக்கும். ஒலியிக் அமிலம் 1 கன செ.மீ. எடுத்து ஆல்கஹாலில் கரைத்து 20 கன செ.மீ. ஆக்க வேண்டும். அந்தக் கரைசலில் 1 கன செ.மீ. எடுத்து மறுபடியும் ஆல்கஹால் சேர்த்து 20 ஆக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் நானூற்றில் ஒரு பங்கே அமிலம். அகன்ற தட்டில் நீர் நிரப்பி, மேலே லைகோபோடியம் தூளை மெல்லத் தூவி, கரைசலைச் சொட்டினால், தூளை ஒதுக்கிக்கொண்டு ஒரு வட்டம் விரியும். ஆல்கஹால் நீரில் கரைந்தும் ஆவியாகியும் போய்விட, அமிலம் மட்டும் மெல்லிய படலமாக எஞ்சும். அமிலத்தின் கன அளவைப் படலத்தின் பரப்பால் வகுத்தால் தடிமன் கிடைக்கும். படலம் ஒரே ஒரு மூலக்கூறின் உயரமே கொண்டது என்று கொண்டால், அதுவே மூலக்கூறின் அளவு.

எங்கள் பள்ளியில் தட்டின் விட்டம் 30 செ.மீ. சொட்டின் அளவை அறிய, சொட்டுக்குழாயில் தண்ணீர் எடுத்து எண்ணினோம்: 1 கன செ.மீ.க்கு 20 சொட்டு. பிறகு கரைசலில் பத்துச் சொட்டு விட்டோம். தூள் அழகாக ஓடித் தட்டின் விளிம்பில் வளையமாக ஒட்டிக்கொண்டது. பத்துச் சொட்டில் அமிலம் 0.00125 கன செ.மீ., பரப்பு 707 சதுர செ.மீ., ஆகத் தடிமன் ஏறக்குறைய 18 நானோமீட்டர். ஆசிரியர் எட்டிப் பார்த்து, ‘விடை பத்தின் அடுக்கு மைனஸ் ஒன்பதில் வர வேண்டும், இது மைனஸ் எட்டு’ என்றார். அவர் நகர்ந்ததும் நான் 1/400 என்பதில் ஒரு சுழியம் சேர்த்து 1/4000 ஆக்கினேன். விடை 1.8 ஆயிற்று. கையொப்பமும் கிடைத்தது.

பிறகு மொழியியலுக்கு வந்துவிட்டேன். இப்போது என் அறைத்தோழி வேதியியல் ஆய்வாளர். ஒருநாள் ‘ஒலியிக்’ என்ற சொல்லில் எங்கள் பேச்சு தொடங்கியது. ஒலிவ எண்ணெயைக் குறித்த இலத்தீன் சொல்லே எல்லா எண்ணெய்க்கும் பொதுப்பெயராகி, இந்த அமிலத்தின் பெயரிலும் நிற்கிறது. நாமும் எள்ளின் நெய்யை ‘எண்ணெய்’ என்று சொல்லி, பிறகு தேங்காய்க்கும் மண்ணுக்கும் அதையே நீட்டிக்கொண்டோம். (எள்ளெண்ணெயிலும் ஒலியிக் அமிலம் நிறையவே உண்டு.) இந்தப் பேச்சின் நடுவே பள்ளிக் கதையை அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. ‘தட்டு எவ்வளவு அகலம்?’ என்று மட்டும் கேட்டாள்.

அந்த ஞாயிறன்று 45 செ.மீ. விட்டமுள்ள ஒரு தாம்பாளத்தைத் தேடிப் பிடித்தோம். சோப்பு போட்டுத் தேய்த்து, சோப்பின் சுவடும் இல்லாதபடி பலமுறை அலசினோம். விரலின் பிசுக்கும் சோப்பும் அமிலத்துக்கு முன்பே நீர்ப்பரப்பை ஆக்கிரமித்துவிடும். அப்போது வட்டம் சிறுத்து, தடிமன் கூடுதலாகத் தெரியும். முதலில் வெறும் ஆல்கஹாலில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தோம். தூள் சட்டென்று விலகி, சில நொடிகளில் திரும்பி வந்து மூடிக்கொண்டது. நிலைத்து நிற்கும் வட்டம் அமிலத்தின் வேலைதான், ஆல்கஹாலுடையது அன்று என்பது அதிலிருந்து உறுதியாயிற்று.

அடுத்து, சொட்டுகளைத் தண்ணீரால் எண்ணாமல் அந்தக் கரைசலாலேயே எண்ணினோம். 1 கன செ.மீ.க்கு 50 சொட்டு. ஆல்கஹாலின் பரப்பு இழுவிசை நீரினுடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே அதன் சொட்டு சிறிதாக இருக்கும்போதே குழாய்முனையை விட்டுக் கழன்றுவிடுகிறது. பள்ளியில் நான் சொட்டின் அளவை இரண்டரை மடங்கு கூட்டிக் கணக்கிட்டிருக்கிறேன்.

பிறகு கரைசலில் ஒரே ஒரு சொட்டு. வட்டம் 22 செ.மீ. விரிந்து நின்றது. பரப்பு 380 சதுர செ.மீ., அமிலம் 0.00005 கன செ.மீ., தடிமன் 1.3 நானோமீட்டர். இதோடு நிறுத்தியிருந்தால், புத்தக விடை வந்த மகிழ்ச்சியில் எழுந்துபோயிருப்பேன். தோழி இன்னொரு சொட்டு விடச் சொன்னாள். அமிலம் இருமடங்கானால் பரப்பும் இருமடங்காக வேண்டும், விட்டம் 1.4 மடங்காக, அதாவது 31 செ.மீ. ஆக வேண்டும். 30.5 வந்தது. படலம் தடிக்கவில்லை, அகலத்தில்தான் வளர்ந்தது. இந்தச் சரிபார்ப்பைத்தான் பள்ளியில் நாங்கள் செய்யவேயில்லை. ஒரு சொட்டுக்கே 380 சதுர செ.மீ. வேண்டும் என்றால், பத்துச் சொட்டுக்கு 3800. எங்கள் தட்டில் இருந்ததோ 707. படலம் சுவரில் முட்டி நின்றது; மிஞ்சிய அமிலம் நுண்ணிய துளிகளாக அதன்மேல் மிதந்திருக்கும், யாரும் குனிந்து பார்க்கவில்லை. நான் அளந்தது தாம்பாளத்தை. இட நெருக்கடியால் 5.4 மடங்கு, சொட்டுப் பிழையால் 2.5 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 13.5. ஒன்றே கால் நானோமீட்டருக்குச் சற்று மேலான ஒன்று 18 ஆகிவிட, இதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை.

இருந்தும் எனக்கு ஓர் ஐயம் மிஞ்சியது. தடிமன் மாறாமல் இருக்கிறது, சரி. அது ஒரு மூலக்கூறின் உயரம்தான், இரண்டினுடையது அன்று என்று எப்படிச் சொல்வது? ஒரு கரண்டி எண்ணெய் அரை ஏக்கர் குளத்தை மூடியதை பிராங்க்ளின் 1774இல் எழுதினார். ஆனால் வகுத்துப் பார்க்கவில்லை. ரேலி 1890இல் எண்ணெய்ப் படலத்தின் தடிமனை அளந்தார். மறு ஆண்டே, பல்கலைக்கழகத்தின் படியேறாத ஆக்னஸ் பொக்கெல்ஸ் தன் வீட்டுச் சமையலறையில் தகரத் தொட்டி வைத்துச் செய்த அளவீடுகள் ‘நேச்சர்’ இதழில் வந்தன. ஐயத்துக்கு நல்ல விடையை 1917இல் லாங்மியூர் தந்தார். அவர் மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் கொண்டு பரப்பை வகுத்தார். சங்கிலி நீளம் வேறுபட்ட கொழுப்பமிலங்களுக்கும் தலைக்கு ஏறக்குறைய ஒரே இடம், 0.2 சதுர நானோமீட்டர். நீளம் கூடியும் இடம் கூடவில்லை என்றால், அவை படுத்திருக்கவில்லை. நீரை விரும்பும் முனையைக் கீழே ஊன்றி நிற்கின்றன. அந்த முனை இல்லாத திரவ பாரஃபின் இப்படிப் பரவாமல், கண்ணாடி வில்லைபோல் திரண்டு நிற்பதும் இதனால்தான்.

எங்கள் சொட்டையும் அப்படியே வகுத்தோம். ஒரு மூலக்கூறுக்கு 0.4 சதுர நானோமீட்டர், லாங்மியூரின் எண்ணில் இருமடங்கு. ஒலியிக் அமிலச் சங்கிலியின் நடுவே இரட்டைப் பிணைப்பு ஒன்று உண்டு. அங்கே அது முழங்கால்போல் மடங்கியிருப்பதால் நெருங்கி நிற்க முடிவதில்லை. அகலம் சுமார் 0.6, உயரம் 1.3. ஆக இது கனசதுரம் அன்று. கனசதுரம் என்று கொண்டு அவகாட்ரோ எண்ணைக் கணக்கிட்டால், உண்மையான மதிப்பில் கால்பங்குக்கும் குறைவாகவே வருகிறது. அதையும் போட்டுப் பார்த்தேன்; இம்முறை எந்த எண்ணையும் திருத்தவில்லை.

அன்றிரவு அம்மாவை அழைத்து, பரணில் இருக்கும் ரெக்கார்டு நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். சேர்த்த சுழியம் சற்று வேறு நீலத்தில் இருக்கிறது. பக்கத்தின் கீழே, பென்சிலில், அழித்தும் அழியாமல் 18.

அம்மா கேட்டார்: ‘எதுக்குடி இது இப்போ?’