ஒருமுறை அழை, ஒருமுறை நினைவூட்டு

பினாங்கு லிட்டில் இந்தியாவில் என் அண்ணன் மகளும் அவள் கணவரும் முறுக்கு, அதிரசம், மசாலைத் தூள் விற்கும் ஒரு சிறிய கடை வைத்திருக்கிறார்கள். பொதுமக்கள் இணையத்தில் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒரு வணிக விருதின் இறுதிப் பட்டியலில் கடையின் பெயர் வந்தது. முகநூலில் போடுவதற்கு அவள் எழுதி வைத்திருந்ததை என்னிடம் காட்டினாள்.

“ப்ளீஸ், ப்ளீஸ்! இன்னும் மூன்றே நாள். உங்கள் வாக்கில்தான் எங்கள் எதிர்காலம். ஐந்து நண்பர்களை டேக் செய்து, வாக்களித்த ஸ்கிரீன்ஷாட்டைக் கடையில் காட்டினால் ஒரு பொட்டலம் முறுக்கு இலவசம்!”

“நல்லாயிருக்கா சித்தப்பா?” என்று கேட்டாள்.

“முதலில் போட்டியின் விதிகளைப் படிச்சியாம்மா?” என்றேன். படிக்கவில்லை. இருவரும் உட்கார்ந்து படித்தோம். இப்படிப்பட்ட போட்டிக்குள் காலெடுத்து வைக்கும் எல்லாருக்கும் அன்று பார்த்தது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

விதிகளில் முதலில் தேடவேண்டியது, ஒரு மனிதரை எப்படி ஒரு வாக்காக எண்ணுகிறார்கள் என்பதை. சில போட்டிகளில் ஒரு மின்னஞ்சலுக்கு ஒரே வாக்கு. சிலவற்றில் நாளுக்கு ஒன்று. ‘தினமும் வாக்களியுங்கள்’ என்று நாம் எழுதலாமா கூடாதா என்பதை இதுதான் முடிவு செய்கிறது. பெரும்பாலும் வாக்களித்தவரின் மின்னஞ்சலுக்கு ஓர் உறுதிப்படுத்தும் இணைப்பு வரும். அதை அழுத்தினால்தான் வாக்கு கணக்கில் சேரும். அந்தக் கடிதம் பலருக்கு ஸ்பேம் பெட்டிக்குள் போய்விழும். அன்போடு வாக்களித்தவர்களின் வாக்கு அங்கேயே கிடந்து வீணாகும். ‘மின்னஞ்சலைத் திறந்து உறுதி செய்யுங்கள், காணாவிட்டால் ஸ்பேமில் பாருங்கள்’ என்ற ஒரு வரி, பத்துப் ‘ப்ளீஸ்’ சேர்க்காத வாக்கைச் சேர்க்கும்.

அடுத்தது, முடிவு நேரம். போட்டியை நடத்துவது லண்டனில் உள்ள நிறுவனம் என்றால், அங்கே குளிர்காலத்து நள்ளிரவு நமக்கு மறுநாள் காலை எட்டு மணி. கோடையில் ஏழு மணி. பினாங்கு நேரத்தில் மாற்றி எழுதாவிட்டால் கடைசி நாளில் குழப்பம்தான் மிஞ்சும்.

பிறகு அந்த இலவச முறுக்கு. வாக்குக்குக் கைமாறாக எதையும் தரக்கூடாது என்று அவர்கள் விதியிலேயே எழுதியிருந்தது. இது அந்த ஒரு போட்டியின் கெடுபிடி அல்ல. டிரிப்அட்வைசர் போன்ற தளமும் விமர்சனம் எழுதுவதற்குத் தள்ளுபடியோ இலவசமோ தருவதைத் தடை செய்கிறது. பரிசைக் காட்டி நண்பர்களை டேக் செய்யச் சொல்வதை முகநூலும் அனுமதிப்பதில்லை. விதி ஒருபுறம் இருக்கட்டும். முறுக்குக்காக வந்த வாக்கு, முறுக்கைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

மருமகனுக்கு வேறொரு யோசனை. கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டேப்லட்டை வைத்து, வருகிறவர்களை அங்கேயே வாக்களிக்க வைக்கலாம் என்றார். நல்ல எண்ணம்தான். ஆனால் ஒரே கருவியிலிருந்து, கடையின் ஒரே வைஃபையிலிருந்து, அடுத்தடுத்து ஒரே பெயருக்கு வாக்குகள் போனால், எண்ணுகிறவர்களின் கணினிக்கு அது ஒருவரே உட்கார்ந்து போட்ட கள்ள வாக்காகத்தான் தெரியும். உண்மையான வாக்குகளும் சேர்ந்து தள்ளுபடியாகும். க்யூஆர் குறியீட்டை அச்சிட்டு ஒட்டுங்கள். அவரவர் கைப்பேசியில், அவரவர் நேரத்தில் போடட்டும் என்றேன். பணியாளர் வாடிக்கையாளரின் கைப்பேசியை வாங்கித் தானே அழுத்திக் கொடுப்பதும் வேண்டாம்.

அப்படி அழுத்திக் கொடுப்பதன் முடிவை 1957-ல் அமெரிக்கா பார்த்தது. பேஸ்பால் நட்சத்திர ஆட்டத்துக்கு ரசிகர்கள் வாக்களித்த காலம். சின்சினாட்டி நகரத்துப் பத்திரிகை ஒன்று உள்ளூர் வீரர்களின் பெயரை நிரப்பியே வாக்குச்சீட்டை அச்சிட்டுக் கொடுத்தது. அந்த ஊர் அணியே ஏறக்குறைய முழுதாகத் தேர்வாயிற்று. ஆணையர் இரண்டு வீரர்களை நீக்கினார். அதோடு ரசிகர்களின் வாக்குரிமையும் பறிபோய், 1970-ல்தான் திரும்பக் கிடைத்தது. ஓர் ஊரின் ஆர்வக்கோளாறுக்கு எல்லா ஊர் ரசிகர்களும் விலை கொடுத்தார்கள்.

வாட்ஸ்அப் பேச்சும் வந்தது. தீபாவளி ஆர்டருக்காக வாங்கிய எண்கள் கடையில் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவை பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பதற்காகத் தரப்பட்டவை. நம் நாட்டின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எந்த நோக்கத்துக்காக ஒரு தகவல் பெறப்பட்டது என்று கேட்கிறது. செய்தி அனுப்பச் சம்மதித்தவர்களுக்கு மட்டும் அனுப்பு. ஒருவர் நிறுத்தச் சொன்னால் அப்போதே நிறுத்து என்றேன்.

இனி, கேட்கும் தொனி. மக்கள் எதற்காக வாக்களிக்கிறார்கள்? 2002-ல் பிபிசி உலக சேவை தன் எழுபதாம் ஆண்டையொட்டி, உலகின் தலைசிறந்த பாடல் எது என்று நேயர்களைக் கேட்டது. நான்காம் இடத்தில் ‘தளபதி’ படத்தின் ‘ராக்கம்மா கையத் தட்டு’, ஐந்தாம் இடத்தில் திருமலை சந்திரன் பாடிய ‘பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது’. முதலிடம் ஓர் அயர்லாந்துப் பாடலுக்கு. அதற்கு மின்னஞ்சல் பிரசாரம் கைகொடுத்தது. வாக்களித்தவர்கள் பாடகர்மேல் இரக்கப்பட்டு வாக்களிக்கவில்லை. ‘இது எங்களுடையது’ என்று சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்தது, சொன்னார்கள். கடைக்கும் அப்படித்தான். ‘எங்கள் எதிர்காலம்’ என்று எழுதினால் படிப்பவர் தலையில் நம் சுமையை ஏற்றுகிறோம். அவருக்கும் கடைக்கும் உள்ள பழக்கத்தை நினைவூட்டினால் அவரே முன்வருவார்.

கல்யாணத்துக்கு நாம் எப்படி அழைக்கிறோம்? பத்திரிகை வைத்து ஒருமுறை அழைப்போம். நாள் நெருங்கும்போது ஒருமுறை நினைவுபடுத்துவோம். வாசலிலேயே நின்று கையைப் பிடித்து இழுப்பதில்லை. இப்போது ஒரு பதிவு, முடிவதற்கு முந்திய நாள் ஒரு பதிவு, அவ்வளவு போதும். இடையில் வழக்கம்போல அதிரசப் பாகு பதத்தைப் பற்றியும் கடை நேரத்தைப் பற்றியும் எழுது என்றேன்.

கடைசியில் அவள் எழுதியது இது:

“உங்களில் பலர் சிறுவயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்து வாங்கிய கடை இது. இந்த ஆண்டு தின்பண்டக் கடைப் பிரிவில் எங்கள் பெயரும் இறுதிப் பட்டியலில் இருக்கிறது. எங்கள் பலகாரம் உங்களுக்குப் பிடித்திருந்தால் கீழே உள்ள இணைப்பில் வாக்களிக்கலாம். ஒருவருக்கு ஒரு வாக்கு. பிறகு உங்கள் மின்னஞ்சலில் வரும் கடிதத்தைத் திறந்து உறுதி செய்யவேண்டும். காணாவிட்டால் ஸ்பேமில் பாருங்கள். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி வரை, பினாங்கு நேரம். பட்டியலில் உள்ள மற்றக் கடைகளும் நல்ல கடைகள், ஒருமுறை பாருங்கள்.”

இதையே மலாயிலும் ஆங்கிலத்திலும் போட்டாள். அவள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தமிழர் அல்லர்.

கடைசி வரி எதற்கு என்று மருமகன் கேட்டார். தெருவில் நாளை காலை முகம் பார்க்கவேண்டியவர்கள் அவர்கள்தான் என்றேன். விருது ஓர் ஆண்டு சுவரில் தொங்கும். தெரு அதன் பிறகும் இருக்கும்.

வென்றால் வென்ற ஆண்டையும் பிரிவையும் சேர்த்தே பலகையில் எழுதவேண்டும், ‘பொதுமக்கள் வாக்கில் முதலிடம்’ என்று. ‘மலேசியாவின் தலைசிறந்த கடை’ என்று எழுதக்கூடாது. வாக்களித்தவர்கள் அதைச் சொல்லவில்லை. தோற்றாலும் முடிவு வந்த அன்றே வாக்களித்தவர்களுக்கு நன்றி சொல்லி, வென்ற கடையின் பெயரைச் சொல்லி வாழ்த்தவேண்டும். அப்படிச் செய்கிறவர் அடுத்த ஆண்டும் தயங்காமல் அதே மக்களிடம் கேட்கலாம்.