பெண்டிங் என்றால் பணம் எங்கே?

கோரிமேட்டில் ஜிப்மர் பக்கத்து மருந்துக் கடை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். பேத்தி தன் ஆயாவின் கைப்பேசியில் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து 640 ரூபாய் அனுப்புகிறாள். பணம் எடுக்கப்பட்டதாக வங்கிக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. கடையின் ஸ்பீக்கரோ வாயே திறக்கவில்லை. "நம்ம கணக்குலேர்ந்து போயிடுச்சு ஆயா, கடைக்குத்தான் வரல" என்கிறாள். அப்படியானால் பணம் எங்கே? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், பணம் வழியில் எங்கும் தொலையவில்லை, ஒரு பதில்தான் வரவில்லை என்பது தெரிகிறது.

யுபிஐயில் முதலில் ஆயாவின் வங்கி பணத்தைக் கழிக்கிறது. அந்தத் தகவல் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் வழியே கடைக்காரரின் வங்கிக்குப் போகிறது. அது வரவு வைத்து, 'வைத்தாயிற்று' என்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் உரிய நேரத்துக்குள் வராதபோதுதான் 'பெண்டிங்'. வரவு வைக்காமலும் இருக்கலாம். வைத்துவிட்டு, பதில் மட்டும் அறுந்தும் போயிருக்கலாம். 'அப்படியானால் உடனே திருப்பித் தந்துவிட வேண்டியதுதானே?' என்று கேட்கலாம். தந்த பிறகு கடைக்கும் வரவாகியிருந்தால் ஒரே பணம் இரண்டு இடத்தில் நிற்கும். அதனால் வங்கிகள் கணக்கை ஒத்துப்பார்த்த பிறகே முடிவு செய்கின்றன.

காத்திருப்புக்கு எல்லை உண்டா? ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கை அதை வகுத்திருக்கிறது. தனிநபர் கணக்குக்கு அனுப்பிய பணம் அங்கே வரவாகவில்லை என்றால் மறுநாளைக்குள் திரும்ப வேண்டும். வணிகருக்குச் செலுத்தி, கடைக்கு உறுதி வரவில்லை என்றால் ஐந்து நாள். நாட்காட்டி நாள்தான் கணக்கு. பத்தாம் தேதி செலுத்தியது பதினைந்துக்குள் வர வேண்டும். அதைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு, கேட்காமலே கணக்கில் சேர வேண்டும். ஆகவே அட்டை வணிகக் கணக்குடையதா, கடைக்காரரின் சொந்தக் கணக்குடையதா என்பதைப் பேத்தி கேட்டுக்கொள்வது நல்லது.

'குறுஞ்செய்தியைக் காட்டியும் கடைக்காரர் மாத்திரை தர மறுப்பது நியாயமா?' என்றால், நியாயம்தான். அந்தச் செய்தி ஆயாவின் கணக்கைப் பற்றித்தான் பேசுகிறது, கடைக்காரரின் கணக்கைப் பற்றி அல்ல. அவர் ஸ்பீக்கரை நம்பி உட்கார்ந்திராமல் வங்கி வரவைத் திறந்து, பரிவர்த்தனையின் 12 இலக்க யுடிஆர் எண்ணைத் தேடட்டும். எண் இருந்தால் அங்கேயே தீர்ந்தது. இல்லையென்றால் மாத்திரைக்கு ரொக்கம் கொடுப்பதே மேல். உடனே மறுபடி அனுப்பினால் இரண்டும் போய்ச் சேர்ந்துவிடக் கூடும். அப்படி ரொக்கம் கொடுத்தால் ரசீதில் அந்த எண்ணைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்; பழைய பணம் பின்னால் கடைக்கு வந்து சேர்ந்தால், திருப்பிக் கேட்க அதுவே சாட்சி.