35ஆம் எண் எங்கே போனது?

அரசாங்க இணையப் பக்கம் மாறினால் யாரும் தண்டோரா போடுவதில்லை. நேற்று இருந்த வரி இன்று இருக்காது, அவ்வளவுதான். அந்த வரியை நம்பிச் சான்றிதழ் வாங்கியவர்கள்தான் அலைய வேண்டும். எங்கள் மாவட்டத்தில் அந்த அலைச்சல் பெரும்பாலும் நம் மக்களுக்கே வாய்க்கிறது. அப்படி ஒரு வரியைத் தேடிப் போனதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

பாம்பனிலிருந்து ஒரு தங்கை எங்களிடம் வந்தாள். வெளிமாநிலக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. அப்பாவின் பழைய சாதிச் சான்றிதழில் 'குடும்பன்' என்று இருக்கிறது. அவளுடையதில் 'தேவேந்திரகுல வேளாளர்' என்று இருக்கிறது. சரிபார்த்த எழுத்தர் தமிழ்நாட்டுப் பட்டியலை இணையத்தில் திறந்து, ஆங்கில அகரவரிசையில் 'கே' எழுத்தில் தேடியிருக்கிறார். 'குடும்பன்' என்று தனி எண் இல்லை. "அப்பா பெயரில் இருப்பது பட்டியல் சாதியே இல்லையே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எழுத்தர் பார்த்தது பொய்யான பட்டியல் அல்ல. மாறிய பட்டியல். 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டத்துக்கு முன், தமிழ்நாட்டுப் பட்டியலில் 76 எண்கள். அதில் 17 தேவேந்திரகுலத்தான், 26 கடையன், 28 கல்லாடி, 35 குடும்பன், 49 பள்ளன், 54 பன்னாடி, 72 வாதிரியான். திருத்தத்துக்குப் பின் இந்த ஏழு பெயர்களும் 17ஆம் எண்ணில் 'தேவேந்திரகுல வேளாளர்' என்ற ஒரே பெயருக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள் போய்விட்டன. பெயர் காணாமல் போகவில்லை, இடம் மாறியது. புதிய பக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

பழைய பக்கத்தை எங்கே தேடுவது? அமெரிக்காவில் உள்ள இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இலாபநோக்கற்ற அமைப்பு 1996 முதல் இணையப் பக்கங்களைப் படியெடுத்து வைக்கிறது. 2001இல் வேபேக் மெஷின் என்ற பெயரில் அதை எல்லோருக்கும் திறந்துவிட்டது. முதல் சிக்கல் முகவரி. பக்கம் இன்று இருக்கும் முகவரியைப் போட்டால் பழையது வராது, அன்று இருந்த முகவரி வேண்டும். மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் தளம் முன்பு `socialjustice.nic.in`, இப்போது `socialjustice.gov.in`. பழைய கடிதங்கள், அரசாணை நகல்கள், பழைய செய்திக் குறிப்புகளின் அடியில் அன்றைய முகவரி அச்சாகியிருக்கும். அதை எடுத்துக்கொண்டு இப்படித் தட்ட வேண்டும்:

```
https://web.archive.org/web/2018*/socialjustice.nic.in
```

நாள்காட்டி ஒன்று விரியும். படி எடுத்த நாட்களில் வட்டம் இருக்கும். வட்டத்தைத் தொட்டால் அன்றைய பக்கம். அங்கிருந்து பட்டியல் இருக்கும் பக்கத்துக்கு இணைப்பு வழியாகப் போகலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 2018இல் திறந்த பக்கத்திலிருந்து ஓர் இணைப்பைத் தொட்டால், அது அதே நாளின் படியைத் தர வேண்டும் என்பதில்லை. கிடைப்பதில் நெருங்கியதைத் தரும். அது 2022இன் படியாகவும் இருக்கலாம். அப்போது 'பழைய' பட்டியல் என்று நினைத்துப் புதியதையே படித்துக்கொண்டிருப்போம். எனவே ஒவ்வொரு தொடுதலுக்குப் பிறகும் முகவரியில் உள்ள 14 இலக்கங்களைப் பார்க்க வேண்டும். `20200415193000` என்றால் 2020 ஏப்ரல் 15, இரவு 7.30. அதுவும் நம் நேரமல்ல, உலகப் பொது நேரம். ஐந்தரை மணி கூட்டினால் நமக்கு ஏப்ரல் 16 அதிகாலை ஒரு மணி.

இரண்டு படிகள் கையில் வந்ததும் எழுத்தை மட்டும் நகலெடுத்து இரண்டு கோப்புகளாக வைத்தோம். கணினி தெரிந்த தம்பி ஒரே வரியில் வேறுபாட்டைக் காட்டினான்:

```
diff -u pazhaya.txt puthiya.txt
```

கழிந்த வரிக்கு முன்னால் கழித்தல் குறி, சேர்ந்த வரிக்கு முன்னால் கூட்டல் குறி. 35ஆம் எண்ணில் குடும்பன் கழிந்ததும், 17ஆம் எண்ணில் சேர்ந்ததும் ஒரே திரையில் தெரிந்தன. கணினி இல்லாதவர்கள் இரண்டையும் அச்சிட்டு ஸ்கேல் வைத்து வரிவரியாகப் படித்தாலும் இதே பலன்தான்.

ஆனால் சொல்லைத் தேடிப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. அதற்கு எங்கள் கரையே சாட்சி. 'கடையன்' என்று தேடினால் பழையதிலும் இருக்கும், புதியதிலும் இருக்கும். மாற்றமில்லை என்று மூடிவிடத் தோன்றும். வரியை முழுதாகப் படித்தால், புதிய 17ஆம் எண்ணில் கடையன் என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு விலக்கு நிற்கிறது. இராமநாதபுரம், தூத்துக்குடி, திருநெல்வேலி முதலிய மாவட்டங்களின் கடற்கரைப் பகுதிகள் நீங்கலாக என்பது அது. இராமேசுவரத்தில் கடலை நம்பி வாழும் கடையர் குடும்பத்துக்கு அந்த விலக்குதான் முழுச் செய்தி. அவர்கள் 17ஐ மட்டும் அல்ல, 26ஆம் எண் இருந்த இடத்தையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். சொல் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, அந்தச் சொல் யாரைக் குறிக்கிறது என்பது வேறு கேள்வி.

எல்லாப் பக்கமும் கிடைத்துவிடாது. பட்டியல் தனி பிடிஎஃப் கோப்பாக இருந்தால், பக்கம் படியாகியிருக்கும், கோப்பு படியாகியிருக்காது. நம் அரசுத் தளங்கள் பல இந்தியாவுக்கு வெளியிலிருந்து வரும் கணினிகளை அனுமதிப்பதில்லை. அவற்றை வேபேக் மெஷினாலும் எடுக்க முடியாது. 2010க்கு முந்தைய தமிழ்ப் பக்கங்கள் பலவும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருப்பதால் திரையில் கிறுக்கலாகத் தெரியும். அது பக்கம் கெட்டுப்போனதற்கு அடையாளமல்ல, குறியாக்கத்தை மாற்றினால் படிக்க வரும்.

இவ்வளவு செய்து கிடைத்ததை அந்தத் தங்கை நேராகக் கல்லூரியில் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. பழைய படி சட்டமல்ல, அது வழிகாட்டிப் பலகை. எந்த ஆண்டுக்கும் எந்த ஆண்டுக்கும் இடையில் வரி மாறியது என்று அது காட்டும். அந்த இடைவெளியில் வந்த சட்டத்தைத் தேடி, இந்திய அரசிதழில் வெளியான 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின் நகலை எடுத்தோம். மேலே அரசிதழ், அடியில் பழைய பட்டியல், புதிய பட்டியல், இரண்டிலும் குடும்பன் என்ற பெயருக்குக் கீழே கோடு. மூன்று தாள்கள். அதன்பிறகு எழுத்தரால் மறுக்க முடியவில்லை. வழக்கு என்று போனால் இணைய நகலுக்கு பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவின்படி சான்று இணைக்க வேண்டியிருக்கும். அரசிதழ் கையில் இருந்தால் பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

இப்போது எங்களிடம் ஒரு வழக்கம். சான்றிதழ், உதவித்தொகை, பட்டா சம்பந்தமான பக்கம் எதைத் திறந்தாலும், அதே அமர்வில் `web.archive.org/save` போய் முகவரியைக் கொடுத்துப் படியெடுக்கச் சொல்கிறோம். அது மறுத்தால் நாங்களே பிடிஎஃப் ஆக அச்சிட்டு, கோப்பின் பெயரிலேயே தேதி போட்டு வைக்கிறோம். நம் பெயர் எந்த எண்ணில் இருந்தது என்று நாளை ஒரு பிள்ளை கேட்டு வந்தால், எடுத்துக் கொடுக்கத் தாள் இருக்க வேண்டும்.