எனக்கு ரெண்டா, நாலா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனி. இன்டர்ன்ஷிப் போன மூணாவது நாளே ஹெச்.ஆர். மேடம் கூப்பிட்டார். ''ஏம்மா, நீ கேண்டிடேட்டா நடிக்கணும். வேலை கிடைக்காது, டீ கிடைக்கும்!''

விஷயம் இதுதான். டிரெய்னிகளைத் தேர்ந்தெடுக்க, புதுசாக ஐந்து இன்ஜினீயர்களை இன்டர்வியூவில் உட்கார வைக்கப் போகிறார்கள். கேள்வி கேட்கிறவர்களுக்கும் டிரெய்னிங் உண்டாம்! சீனியர் நடத்தும் மூன்று இன்டர்வியூக்களில் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து, கேண்டிடேட் சொன்னதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சீனியரிடம் பேசுவதற்கு முன்பே மார்க் போட்டு, தாளை மடித்துக் கொடுத்துவிட வேண்டும்.

''ஏன் மேடம் மடிக்கணும்?''

''சீனியர் நாலுன்னு சொல்லிட்டா, மத்தவங்க பேனாவும் நாலுக்கு ஓடிடும்மா!''

கடைசிக் கட்டத்தில் இவர்கள் நடத்த, சீனியர் கவனிப்பார். நடுவில் வருவதுதான் மாதிரி இன்டர்வியூ. அதில்தான் நான்.

''10 மி.மீ. துளை போட்டா, பெரிசா வருது. என்ன பார்ப்பே?''

தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு இங்கிலீஷ் திக்கித் திக்கித்தான் வரும். ஆனாலும் சொன்னேன்... முதலில் அளக்கிற கேஜ் சரியா என்று பார்ப்பேன். அப்புறம் டிரில்லின் இரண்டு வெட்டு விளிம்பும் ஒரே நீளமா, ஸ்பிண்டிலில் ஆட்டம் இருக்கிறதா என்று.

தாள்களைப் பிரித்தார்கள். 'டெக்னிக்கல்' கட்டத்தில் ஐந்துக்கு 4, 4, 3, 4, 2. மூன்றுக்குக் கீழே போனால் ரிஜெக்ட். நடிப்புதான் என்றாலும், அந்த ரெண்டைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது.

சராசரி 3.4 என்று போட்டு முடித்துவிடுவார்கள் என நினைத்தேன். இல்லை. ரெண்டு போட்டவரின் குறிப்பைப் படிக்கச் சொன்னார் மேடம். 'தயங்குகிறாள், கிராமர் தப்பு' என்றிருந்தது. டிரில் பற்றி ஒரு வரிகூட இல்லை! ''இது கம்யூனிகேஷன் கட்டத்துல வர வேண்டியது மேடம்'' என்று அவரே ஒப்புக்கொண்டார்.

அடுத்ததுதான் அதிர்ச்சி. நாலு போட்ட ஒருவரின் தாளில் இருந்தது, 'எங்க காலேஜ் பொண்ணு!' எனக்குச் சாதகமாக விழுந்ததும் அதே கோளாறுதான். ஒரு குணத்தை வைத்து மற்றதற்கும் மார்க் போடும் இதை, ராணுவ அதிகாரிகள் போட்ட மதிப்பீடுகளை ஆராய்ந்து, 1920-லேயே 'ஹாலோ' என்று எழுதியிருக்கிறார் தார்ண்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர்.

பிறகு ஐந்து பேரும் சேர்ந்து எழுதினார்கள்: குறிப்பு கொடுத்தபின் ஒரு காரணம் சொன்னால் 2, தானாக இரண்டு காரணம் சொன்னால் 3, கேஜில் தொடங்கி வரிசையாகப் போனால் 4. அதன்படி எனக்கு 4. இந்த முறை நிஜமாகவே சம்பாதித்த நாலு!

எல்லோரும் ஒரே மார்க் போட்டால் மட்டும் போதாதாம். பயத்தில் எல்லாருமே 3 போட்டாலும் ஒற்றுமை மாதிரிதானே தெரியும்? அதனால் அடுத்த மாதிரிக்கு, சரளமான இங்கிலீஷில் தப்பும் தவறுமாகப் பதில் சொல்ல ஒரு சீனியர் வந்தார். மார்க்: 2, 2, 2, 3, 2. அந்த மூணு போட்டவர் மட்டும் இன்னும் இரண்டு இன்டர்வியூவில் பக்கத்தில் உட்கார வேண்டும்.

பட்டறையில் ஒரே பீஸை மூன்று பேர் அளந்து மூன்று விதமாக வந்தால், பீஸைத் தூக்கிப் போட மாட்டோம், அளவையை சோதிப்போம். சாயங்காலம் ஆவடி ட்ரெயினில், பிளேஸ்மென்ட்டில் நழுவிப் போன ஃப்ரெண்ட்ஸ் ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களை அளந்த கேஜை யாராவது சோதித்திருப்பார்களா?