‘சேர்ந்து செய்வோம்’ என்றால் என்ன செய்வது?

நம் ஊர் விசேஷங்களில் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் எத்தனையோ கூட்டு வியாபாரங்கள் பிறக்கின்றன. “நீங்க கேக் செய்றீங்க, நான் மேடை அலங்காரம் செய்றேன், சேர்ந்து செய்யலாமே?” என்பார் ஒருவர். “கண்டிப்பா செய்யலாம்” என்பார் மற்றவர். இருவரும் மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் யார் என்ன தருவது, யாருக்கு என்ன கிடைக்கும், எந்தத் தேதியில் தொடங்குவது என்று எதையும் பேசாமலே கைகழுவப் போய்விடுகிறார்கள். அடுத்த விசேஷத்தில் சந்திக்கும்போது, “ஒருநாள் உட்கார்ந்து பேசணும்” என்று மீண்டும் சொல்லிக்கொள்கிறார்கள்.

எங்கள் உறவில் ஓர் அக்கா புக்கிட் ரோத்தானில் இருக்கிறார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இப்போது தாமானில் வீடு. சின்ன விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுப்பதுதான் அவர் வருமானம். ஆடியில் கல்யாண ஆர்டர் வராது. அடுத்து வரும் ஆவணியில் கையில் பணம் புரண்டாலும், புரட்டாசி பிறந்ததும் மறுபடி கை கட்டிக்கொள்ளும். கிள்ளானிலிருந்து ஒரு தம்பி, பதினான்கு பேர் அமரும் வேனில் சனிக்கிழமைதோறும் குடும்பங்களைக் கோலசிலாங்கூருக்கு அழைத்து வருகிறார். மாலையில் புக்கிட் மெலாவத்தியில் குரங்குகளும் கலங்கரை விளக்கமும், இருட்டியதும் கம்போங் குவாந்தானில் படகேறி மின்மினிப் பூச்சிகளும் பார்ப்பது அவருடைய பயணத் திட்டம். ஒரு கும்பாபிஷேகத்தில் சந்தித்தபோது, “நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து ஏதாவது செய்யலாம் அக்கா” என்று அவர்தான் முதலில் சொன்னார். மூன்று மாதம் கழிந்தும் ஒன்றும் நடக்கவில்லை.

ஆடி நடுவில் அக்கா எனக்கு ஒரு குரல் பதிவை அனுப்பினார். “இதை அவருக்கு அனுப்பப் போறேன். ரேடியோவில இருக்கிற ஆளு, கொஞ்சம் கேட்டுச் சொல்லு” என்றார். நான்கு நிமிடப் பதிவு. சாம்பார் எத்தனை பேர் பாராட்டிய சாம்பார், ஆடியில் வேலை எப்படிக் குறைந்தது, நம்மவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்க வேண்டும், இருவருக்கும் லாபம் இருக்கும். எல்லாம் உண்மை. ஆனால் கேட்டு முடித்த தம்பி என்ன பதில் சொல்ல முடியும்? “சரி அக்கா, பார்க்கலாம்” என்பதைத் தவிர வேறு எதற்கும் அந்தப் பதிவில் இடமில்லை.

வானொலியில் முப்பது விநாடி விளம்பரம் எழுதும்போது நாங்கள் கடையிலிருந்து தொடங்குவதில்லை. கேட்பவருக்கு அந்த நேரத்தில் என்ன குறை இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். அதனால் அக்காவிடம் சாம்பாரைப் பற்றிக் கேட்கவில்லை. “அந்தத் தம்பிக்கு சனிக்கிழமை ராத்திரி என்ன தொல்லை?” என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. தம்பியிடமே கேட்கச் சொன்னேன். வியாபாரம் பேசாமல், வேலை எப்படிப் போகிறது என்று மட்டும் கேட்டார்.

பதில் கொட்டியது. மின்மினியைப் பார்க்க நன்றாக இருட்ட வேண்டும். அதனால் படகை விட்டு இறங்கும்போது ஒன்பதைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகுதான் சாப்பாடு. பாசிர் பெனம்பாங்கில் கடல் உணவுக் கடைகள் பெயர்பெற்றவை. மற்ற மாதங்களில் அதுவே பயணிகளுக்குக் கொண்டாட்டம். புரட்டாசியில் வேனில் பாதிப் பேர் சைவம். பசித்த பிள்ளைகளோடு சைவக் கடை தேடி, சாப்பிட்டு முடித்து, கிள்ளான் போய்ச் சேர நள்ளிரவாகிவிடுமாம்.

இதோடு பாதி வேலை முடிந்தது. தம்பிக்கு வேண்டியது சுவையான சாம்பார் மட்டுமல்ல, படகுக்கு முன்பே எல்லாரும் சாப்பிட்டு முடித்திருப்பதும்தான். மெலாவத்தியிலிருந்து இறங்கி கம்போங் குவாந்தான் போவதற்கு நடுவே இருட்டுவதற்காகக் காத்திருக்கும் நேரம் ஒன்று இருக்கிறது. அந்த நேரத்தைத்தான் அக்கா விற்க வேண்டும்.

மறுபாதி, அக்காவின் கணக்கு. ‘இருவருக்கும் லாபம்’ என்று எழுதும் முன் நம் லாபம் எவ்வளவு என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பழைய நாட்குறிப்பில் உட்கார்ந்து எழுதினோம். வாழையிலைச் சைவச் சாப்பாடு ஆளுக்கு 18 வெள்ளி. அதில் தம்பிக்கு 2 வெள்ளி. மிச்சம் 16. பொருள், இலை, கேஸ் எல்லாம் சேர்த்து ஒரு சாப்பாட்டுக்குச் செலவு 8 வெள்ளி. வண்டி ஓட்டி வரும் தம்பிக்குச் சாப்பாடு இலவசம். அதற்கும் 8 வெள்ளி செலவு உண்டு. பரிமாற வரும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு 40 வெள்ளி.

பன்னிரண்டு பேர் வந்தால் வரவு 192, சாப்பாட்டுச் செலவு 104, உதவியாளுக்கு 40. கையில் நிற்பது 48 வெள்ளி. எட்டுப் பேர் என்றால் 16 வெள்ளி. ஆறு பேர் என்றால் ஒன்றுமே இல்லை. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் அக்கா, “அப்போ எட்டுக்குக் கீழே நான் அடுப்பு மூட்ட மாட்டேன்” என்றார். அதுவரை ஆள் எண்ணிக்கை அவர் பேச்சில் வரவே இல்லை. ‘எத்தனை பேர் வந்தாலும் வாங்க’ என்பதுதான் அவர் வழக்கம். வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு அது சரி. வியாபாரத்தில் அதுவே ஆறு பேர் வந்த நாளில் மனக்கசப்பாக மாறும்.

இன்னொரு கேள்வி மிச்சம் இருந்தது. பயணம் ரத்தானால்? வெள்ளிக்கிழமை மதியம் அக்கா காய்கறி வாங்கிவிடுவார். அதற்குப் பிறகு ரத்தானால் நட்டம் அவர் தலையில். அதனால் அந்த நேரத்துக்குப் பின் ரத்து செய்தால் பாதி விலை, அதாவது ஆளுக்கு 9 வெள்ளி. செலவு 8 என்பதால் இந்த 9 வாங்கிய பொருளுக்கு ஈடாகும். எழுதத் தயங்கினார். “தெரிஞ்ச பையன்கிட்ட இதை எப்படிச் சொல்றது?” என்றார். தெரிந்த பையன் என்பதால்தான் முன்பே சொல்ல வேண்டும். ரத்தான அன்றைக்கு முதன்முதலாகச் சொன்னால் அது சண்டை.

பிறகு புலனத்தில் தட்டச்சு செய்தோம். குரல் பதிவு வேண்டாம் என்றேன். வேன் ஓட்டும் மனிதருக்குத் தேதியும் தொகையும் கண்ணில் பட வேண்டும், நாளைக்குத் தேடினாலும் கிடைக்க வேண்டும். அக்கா அனுப்பிய செய்தி இதுதான்:

“வணக்கம் தம்பி. புரட்டாசியில உங்க வேன்ல வர்ற சைவக் குடும்பங்களுக்கு, படகுக்கு முன்னாடியே சாப்பாடு முடிஞ்சா, நீங்க ராத்திரி நேரா கிள்ளான் திரும்பலாம்.

நான் தர்றது: சனிக்கிழமை மாலை 6.30க்கு என் வீட்டுல வாழையிலைச் சைவச் சாப்பாடு. 7.15க்கு எல்லாரும் வேன்ல இருப்பாங்க.

விலை: ஆளுக்கு 18 வெள்ளி. அதுல உங்களுக்கு 2 வெள்ளி. உங்க சாப்பாடு இலவசம்.

எனக்கு வேண்டியது: குறைஞ்சது 8 பேர். எண்ணிக்கை வியாழன் இரவு 8க்குள்ள. வெள்ளி மதியத்துக்கு அப்புறம் ரத்தானா ஆளுக்கு 9 வெள்ளி.

புரட்டாசி முதல் 4 சனிக்கிழமை மட்டும் செஞ்சு பார்ப்போம். முதல் சனிக்கிழமைக்கு எத்தனை பேர் போடட்டும்? இந்த ஞாயிறுக்குள்ள சொல்லுங்க.”

இதில் சாம்பார் பெருமை இல்லை. ‘இருவருக்கும் நன்மை’ என்ற வார்த்தையும் இல்லை. அவருக்கு நள்ளிரவு அலைச்சல் மிச்சம் என்பது முதல் வரியிலேயே இருக்கிறது. அக்காவுக்கு என்ன கிடைக்கும் என்பது விலையிலும் எட்டுப் பேர் என்ற நிபந்தனையிலும் இருக்கிறது. தனக்கு எதுவும் வேண்டாம் என்பதுபோல் எழுதினால் எதிராளி நம்ப மாட்டார், ‘பிறகு ஏதோ கேட்கப் போகிறார்கள்’ என்றுதான் நினைப்பார். நான்கு வாரம் என்ற எல்லை இருப்பதால் சரிவராவிட்டால் முகம் முறியாமல் விலகிக்கொள்ளவும் வழி இருக்கிறது. கடைசிக் கேள்விக்கு ‘பார்க்கலாம்’ என்று பதில் சொல்ல முடியாது. ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும், அல்லது வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

நீங்கள் எழுதிய செய்தியைச் சோதிக்க எளிய வழி உண்டு. பெயரை மட்டும் மாற்றி அதையே வேறொரு வியாபாரிக்கு அனுப்ப முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அதில் எதிராளி இன்னும் வரவில்லை. அக்காவின் செய்தியைப் பூக்கடைக்காரருக்கு அனுப்ப முடியாது. பகலில் சுற்றுலா நடத்தும் இன்னொரு வேன்காரருக்கும் அனுப்ப முடியாது.

தம்பி அன்று இரவே அழைத்தார். ஒப்புக்கொள்ள அல்ல, மல்லுக்கட்ட. “அக்கா, பலத்த மழைன்னா படகு போகாது. அது சனிக்கிழமை சாயந்தரம்தான் தெரியும். அதுக்கு நான் எப்படி ஒம்பது வெள்ளி கட்டுறது?” நியாயமான கேள்வி. அக்கா யோசித்துச் சொன்னார்: “மழை வந்தா படகு நிக்கும் தம்பி, பசி நிக்காதே. வந்தவங்க சாப்பிட்டுத்தானே போவாங்க?” பேசப் பேச இரண்டும் பிரிந்தன. ஆட்கள் கோலசிலாங்கூர் வந்துவிட்டால் மழையோ வெயிலோ முழு விலை. கிள்ளானிலேயே பயணம் ரத்தானால் 9 வெள்ளி. அதைப் பயணிகளிடம் வாங்கும் முன்பணத்தில் சேர்த்துக்கொள்வதாகத் தம்பி சொன்னார். மழையைப் பற்றிய அந்த வரி எங்கள் செய்தியில் இல்லை. ஆனால் செய்தியில் ஒரு தொகை எழுதியிருந்ததால்தான் அந்தக் கேள்வி புரட்டாசிக்கு முன்பே வந்தது.

பேசி முடித்ததை இரண்டு வரியில் தட்டி அக்கா திருப்பி அனுப்பினார். தம்பி “சரி அக்கா, 11 பேர்” என்று பதில் போட்டார்.

நான்கு சனிக்கிழமையில் மூன்று நடந்தன. ஒரு வாரம் ஆறு பேர்தான் சேர்ந்தார்கள். வியாழக்கிழமை இரவே தம்பி சொல்லிவிட்டார், அக்கா அடுப்பு மூட்டவில்லை, யாருக்கும் கோபமில்லை. ஐப்பசி பிறந்ததும் பயணிகள் மீன் கேட்கத் தொடங்கினார்கள், ஏற்பாடு தானாக நின்றது. இப்போது மார்கழிக்காக அக்கா புதிதாக ஒரு செய்தி எழுதிக்கொண்டிருக்கிறார். இந்த முறை, மார்கழியில் வேனில் வருபவர்கள் யார் என்று தம்பியிடம் முதலிலேயே கேட்டுவிட்டார். பள்ளி விடுமுறைப் பிள்ளைகளாம். அதனால் வாழையிலை இல்லை, தோசை.