நிழல் குட்டையாகும் நேரம்

எங்கள் குடும்பத்தில் இருவருக்கு அல்லாஹ் நிறமற்ற தோலைக் கொடுத்தான். முதலாமவர் எங்களில் ஒருவருக்குப் பெரியத்தா, மற்றவருக்குத் தாய்மாமா. இரண்டாமவள் எங்கள் மகள். பெரியவரை இழந்த பின்னர் கற்றுக்கொண்டவற்றைக் கொண்டே மகளை வளர்த்து வருகிறோம். இப்படிப்பட்ட குழந்தை உள்ள வேறு வீடுகளுக்கும் பயன்படட்டும் என்று இதனை எழுதுகிறோம்.

வாடிப்பட்டியில் பெரியத்தா தேங்காய் வியாபாரம் செய்தார். தோப்பு தோப்பாகச் சைக்கிளில் செல்வார். காய் எண்ணும் வரை வெயிலில் நிற்பார். தலையில் தொழுகைத் தொப்பி இருக்கும். அது உச்சியை மறைத்ததே தவிர, காதையும் கழுத்தையும் மறைக்கவில்லை. அவருக்கு 47 வயதானபோது, இடக்காதின் முன்புறம் சொரசொரப்பான ஒரு சிறு திட்டு தோன்றியது. ஒளூச் செய்யும்போது அதன் பொருக்கு உதிரும், ஒரு துளி இரத்தம் வரும், பிறகு மறுபடியும் பொருக்குக் கட்டும். அவருக்குப் பார்வை மங்கல் என்பதால் கண்ணாடியில் அது தெரியவில்லை. எங்களுக்குத் தெரிந்தது, ஆனால் வெயில் புண் என்று எண்ணினோம். மருந்துக் கடைக் களிம்பிலேயே 8 மாதங்கள் கழிந்தன. தாடையின் கீழே கட்டி ஒன்று தட்டுப்பட்ட பிறகே மதுரைக்கு அழைத்துச் சென்றோம்.

சதைப் பரிசோதனை அதனைச் செதிள் உயிரணுப் புற்றுநோய் என்று காட்டியது. கழுத்தின் நெறிக்கட்டிகளுக்கும் அது பரவியிருந்தது. அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் நடந்தன. அதன்பின் ஒன்றரை ஆண்டு மட்டுமே எங்களுடன் இருந்தார். “இது பெரும்பாலும் மெல்ல வளர்வது. திட்டாக இருந்தபோதே வந்திருந்தால், அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து வெட்டித் தைத்து அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்போம்” என்று மருத்துவர் சொன்னார். அந்த 8 மாதங்கள் எங்கள் கண்முன்னே கழிந்தவை. அவற்றுக்கு வேறு எவரையும் நாங்கள் குறை சொல்ல முடியாது.

சில ஆண்டுகளுக்குப் பின் எங்கள் மகள் பிறந்தாள். வெண்ணிற முடியையும் ஓயாமல் அசையும் கண்மணிகளையும் கண்டு சிலர் இதனை வெண்புள்ளி நோய் என்றனர். அது வேறு, இது வேறு. வெண்புள்ளி என்பது இருந்த நிறம் திட்டுத் திட்டாக மறைவது. அல்பினிசம் என்பது மெலனின் என்னும் நிறமி பிறவியிலேயே இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருப்பது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதற்கான மரபணு வந்து சேர்ந்தால்தான் குழந்தைக்கு அது வெளிப்படும். நாங்கள் அத்தை மகளும் மாமன் மகனுமாக மணந்தவர்கள். பெரியவரின் உடன்பிறந்தார் இருவர் வழியாக அது எங்கள் இருவரிடமும் மறைந்திருந்தது.

மெலனின் தோலுக்குள் விரிந்த ஒரு குடை போன்றது. புற ஊதாக் கதிர் உயிரணுவின் மரபுப் பொருளைச் சிதைக்காமல் அது தடுக்கிறது. அந்தக் குடை இல்லாதவர்களுக்கு ஒவ்வொரு நாள் வெயிலும் சிறு சிறு சேதமாகச் சேர்கிறது. சேர்ந்த சேதம் பல ஆண்டுகள் கழித்தே புற்றாக எழும். நைஜீரியாவில் அல்பினிசம் உடையவர்களை ஆராய்ந்து 1975இல் வெளியான ஓர் ஆய்வு, 20 வயதைக் கடந்தவர்களில் புற்றோ அதற்கு முந்தைய மாற்றமோ இல்லாத ஒருவரைக்கூடக் காணவில்லை என்றது. பாதுகாப்பின்றி வெப்ப நாட்டு வெயிலில் வாழ்ந்தவர்களின் நிலை அது. மதுரைச் சமவெளியின் வெயிலும் அத்தகையதே. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் நண்பகலில் சூரியன் ஏறக்குறைய நம் உச்சிக்கு நேரே நிற்கிறது.

ஆகவே முதலில் நேரத்தைக் கற்றோம். அதற்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் புற ஊதாக் கதிர் கடுமையானது என்பதே அடிப்படைக் கணக்கு. நிழலை அளந்து தொழுகை நேரம் அறிந்த சமுதாயத்துக்கு இது புதியதன்று. எங்கள் ஊரில் ஏப்ரல் நடுவில் காலை ஏறத்தாழ 9.15 முதல் பிற்பகல் 3.20 வரை நிழல் குட்டையாக இருக்கும். டிசம்பரில் அது ஏறத்தாழ 10.10 முதல் 2.20 வரை சுருங்கும். ஷாஃபி வழக்கில் நண்பகல் நிழலை நீக்கி, பொருளின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமாகும்போது அஸர் நேரம் தொடங்குகிறது. ஹனஃபி வழக்கில் அது இரு மடங்காக வேண்டும். எந்த வழக்கானாலும் அஸர் பாங்கு கேட்கும்போது கடும் நேரம் கடந்துவிட்டது என்று கொள்ளலாம். எங்கள் மகளின் வெளிவேலைகளை அஸருக்குப் பின்னரே வைத்துக்கொள்கிறோம். அப்போதும் உடை மறைப்பைக் கைவிடுவதில்லை. மேகமூட்டமான நாளிலும் கைவிடுவதில்லை. மேகம் வெப்பத்தைத் தணிக்குமே தவிர, அந்தக் கதிரை முழுவதும் நிறுத்தாது.

அடுத்தது துணி. களிம்பைவிடத் துணியே முதன்மையானது. அது வியர்வையில் கரையாது, நாள்தோறும் செலவும் வைக்காது. ஆனால் மறைக்கும் துணியெல்லாம் காக்கும் துணி அன்று. மகள் விரும்பி அணிந்த மெல்லிய ஜார்ஜெட் முக்காட்டை ஒருநாள் சன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். மறுபுறத்து வெளிச்சம் தாராளமாகத் தெரிந்தது. வெளிச்சம் புகும் வழியே கதிரும் புகும். அன்று முதல் நெருக்கமாக நெய்த அடர்நிறத் துணியையே வாங்குகிறோம். முழுக்கை, கணுக்கால் வரை ஆடை, காலுறை, கறுப்புக் குடை ஆகியவை அவளுடைய அன்றாடம். ஆண் பிள்ளைகளுக்குத் தொழுகைத் தொப்பி போதாது. வெளியே செல்லும்போது சுற்றிலும் 3 அங்குல விளிம்புள்ள தொப்பி வேண்டும். காதும் பிடரியும் அதன் நிழலுக்குள் வர வேண்டும்.

துணி எட்டாத முகம், கீழுதடு, புறங்கை ஆகியவற்றுக்கே களிம்பு. எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்டதாகவும், புற ஊதா ஏ, பி இரண்டையும் தடுப்பதாகவும் பார்த்து வாங்குகிறோம். பலரும் தவறுவது அளவில்தான். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனி முதல் அடி வரை பிதுக்கிய அளவு வேண்டும். பொட்டுப்போல் தொட்டுத் தேய்த்தால் உறையில் எழுதிய காப்பில் சிறு பங்கே கிடைக்கும். புறப்படுவதற்கு 20 நிமிடங்களுக்கு முன் பூசி, வெளியில் இருக்கும்வரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும்.

இங்கே நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஒளூவின்போது முகத்தையும் கையையும் கழுவினால் களிம்பும் போய்விடுகிறது. காலையில் பூசியது லுஹர் ஒளூவோடு தீர்ந்துவிட, பள்ளிவாசலிலிருந்து வீடு திரும்பும் வழியில்தான் வெயில் உச்சத்தில் இருக்கும். மறுபுறம், கெட்டியாகப் படியும் துத்தநாகக் களிம்பு தோலில் நீர் படுவதைத் தடுக்குமோ என்ற ஐயமும் எழும். நாங்கள் கடைப்பிடிக்கும் வரிசை இதுதான்: பழைய களிம்பைச் சோப்பிட்டு அகற்றுவோம், ஒளூச் செய்து துவட்டுவோம், பின்னர் புதிதாகப் பூசுவோம். மகளின் பள்ளிப் பையில் சிறு துண்டும் களிம்பும் எப்போதும் இருக்கும்.

இவ்வளவு செய்தும் சேதம் முற்றிலும் நிற்பதில்லை. ஆகவே தோலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அல்பினிசம் உடையவருக்குப் பார்வை குறைவு. தம் பிடரியும் காதின் பின்புறமும் எவருக்குமே தெரியா. எனவே இது வீட்டாரின் கடமையாகிறது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, குளித்தபின், சன்னல் வெளிச்சத்தில் தாயானவள் மகளைப் பார்க்கிறாள். சீப்பால் வகிடு வகிடாகப் பிரித்து உச்சந்தலை, பின் நெற்றிப்பொட்டு, காதின் முன்னும் பின்னும், மூக்கு, கீழுதடு, பிடரி, முன்கை, புறங்கை, பாதத்தின் மேற்புறம் என்று வரிசை மாறாமல் செல்கிறாள். முதலில் விரல் நுனியால் தடவ வேண்டும், பிறகே கண்ணால் பார்க்க வேண்டும். புற்றுக்கு முந்தைய திட்டு கண்ணுக்கு வெறும் இளஞ்சிவப்பாகத் தோன்றும். விரலுக்கோ உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். ஐயமானதைக் குறிப்பேட்டில் தேதியிட்டு, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுக்கிறோம்.

4 வாரங்களில் ஆறாத புண், உதிர்ந்து உதிர்ந்து வரும் பொருக்கு, தொட்டால் இரத்தம் கசியும் திட்டு, தடித்து வளரும் கட்டி, முத்துப்போல் பளபளக்கும் சிறு மேடு ஆகியவற்றுக்குக் களிம்பு தேடக் கூடாது. தோல் மருத்துவரையே தேட வேண்டும். கறுத்த மச்சம்தான் ஆபத்து என்று எண்ணுவோர் உண்டு. நிறமியற்ற தோலில் மெலனோமா என்னும் கடும் புற்றும் கறுக்காமல் இளஞ்சிவப்பாகவே வரலாம். ஆதலால் நிறத்தை நம்பாமல் மாற்றத்தைப் பார்க்க வேண்டும்.

மகளுக்கு 14 வயதானபோது மூக்குத் தண்டில் பயறளவில் ஒரு சொரசொரப்பு விரலில் பட்டது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அடுத்த மாதமும் அங்கேயே இருந்தது. மதுரையில் தோல் மருத்துவர் பார்த்து, அது புற்றுக்கு முந்தைய நிலை என்றார். திரவ நைட்ரஜனைச் சில நொடிகள் பாய்ச்சி உறைய வைத்தார். அன்று கொப்புளம் எழுந்தது, பொருக்காயிற்று, இரண்டு வாரத்துக்குள் உதிர்ந்து புதுத் தோல் வந்தது. பெரியத்தாவின் காதருகே தொடங்கியதும் இதுபோன்ற ஒன்றாகவே இருந்திருக்கும். அங்கே 8 மாதங்கள் போயின, இங்கே ஒரே மாதம். அவ்வளவுதான் வேறுபாடு.

சரியான இடத்தில் மீண்டும் வரலாம், வேறிடத்திலும் எழலாம். ஆகவே 6 மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் உச்சி முதல் பாதம் வரை பார்க்கிறார். தான்சானியாவின் மோஷி நகரத்தில் அல்பினிசம் உடையவர்களுக்கென்றே உள்நாட்டில் களிம்பு தயாரித்து, அதனைத் தோல் பரிசோதனையோடு சேர்த்து வழங்கும் ஏற்பாடு உண்டு. களிம்பும் பரிசோதனையும் ஒன்றையொன்று விட்டுப் பிரியக் கூடாது என்பதை அதிலிருந்து அறிகிறோம்.

மகளுக்கு இப்போது 16 வயது. நாளை மணமாகிச் செல்லும் வீட்டில் அவள் பிடரியை யார் தடவிப் பார்ப்பார்கள் என்ற எண்ணம் எங்களை உறங்கவிடுவதில்லை. பெண் கேட்டு வருபவர்களிடம் எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அந்தக் குறிப்பேட்டையும் காட்டுவோம். சென்ற வெள்ளியன்று மகள் தானே கண்ணை மூடிக்கொண்டு தன் நெற்றியையும் மூக்கையும் காதையும் விரலால் வரிசையாகத் தடவினாள். பிறகு, “அம்மா, பிடரியை மட்டும் நீங்கள் பாருங்கள்” என்று திரும்பி அமர்ந்தாள்.